பவுடர் டப்பாவில் ‘ஒரு சர்விங்’ என்றால் எத்தனை கிராம்?

“வேலந்தாவளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பையனுக்கு 19 வயது. ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று இரண்டு டப்பா வாங்கி வந்திருக்கிறான். பெரியது 1 கிலோ, 2,000 ரூபாய். ‘ஒரு சர்விங்கில் 30 கிராம் புரோட்டீன்’ என்று போட்டிருக்கிறது. சின்னது யாரோ கல்ஃபிலிருந்து கொண்டுவந்ததாம். ஆறு பெயரை எழுதி ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட் 6 கிராம்’ என்று மொத்தமாக மட்டும் இருக்கிறது. அதைச் சாயங்காலம் குடித்தால் இராத்திரி தூங்குவதில்லை. இதெல்லாம் சரியான சரக்குதானா? படம் அனுப்பியிருக்கிறேன்.”

சின்ன டப்பாவை இன்றைக்கே நிறுத்துங்கள். பெரிய டப்பாவால் கெடுதல் இல்லை, ஆனால் கொடுத்த காசுக்கு அது பெறாது.

முதலில் பெரியது. ‘சர்விங்’ என்பது கம்பெனிக்காரர் தாமே முடிவு செய்துகொள்ளும் அளவு. நீங்கள் அனுப்பிய படத்தில் முன்பக்கம் 30 என்ற எண் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஒரு சர்விங் = 2 ஸ்கூப் = 60 கிராம்’ என்று இருக்கிறது. அதாவது அறுபது கிராம் பவுடரில் முப்பதுதான் புரோட்டீன், சரிபாதி. பக்கத்துக் கடையில் இருக்கும் இன்னொரு டப்பாவில் ‘25 கிராம்’ என்றுதான் போட்டிருப்பார்கள், ஆனால் அதன் சர்விங் 32 கிராமாக இருக்கலாம். பையன் கண்ணுக்கு 30 பெரியது. நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் உங்களுடையது 50, அது 78.

விலையையும் இதே போல் போடுங்கள். உங்கள் ஒரு கிலோவில் 500 கிராம் புரோட்டீன், 2,000 ரூபாய். கிராம் 4 ரூபாய். அந்த இன்னொரு டப்பா கிலோ 2,800 என்று வைத்துக்கொள்வோம், 780 கிராம் புரோட்டீன் வரும். கிராம் 3 ரூபாய் 60 காசுக்குக் கிட்ட. விலை குறைந்த டப்பாதான் உண்மையில் விலை கூடியது. துவரம்பருப்பில் கல்லைக் கழித்து விலை பேசத் தெரிந்த உங்களுக்கு இது புதிதில்லை.

மீதிப் பாதி என்ன? பின்பக்க அட்டவணையில் கார்போஹைட்ரேட் 24 கிராம், சர்க்கரை 2 கிராம் என்று இருக்கிறது. சர்க்கரை இரண்டுதானே என்று நினைப்போம். மீதி 22 கிராமில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின், சேர்மானப் பட்டியலில் இரண்டாவது பெயராக நிற்கிறது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மலிவான பொடி அது. லேபிளில் சர்க்கரைக் கணக்கில் வராது, உடம்புக்குள் போனால் சீக்கிரமே குளுகோஸாகிவிடும்.

ஸ்கூப்பையும் நம்பிவிடாதீர்கள். தளர்வாக அள்ளினால் ஒரு எடை, தட்டி அமுக்கினால் வேறு எடை. உங்கள் கடைத் தராசிலேயே ஒரு ஸ்கூப்பை வைத்துப் பாருங்கள், 30 வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இனி சின்ன டப்பா. ப்ரொப்ரைட்டரி பிளெண்ட் என்றால் ‘எங்கள் சொந்தக் கலவை, அளவு ரகசியம்’ என்று அர்த்தம். அமெரிக்கச் சட்டம் இதை அனுமதிக்கிறது. கலவையின் மொத்த எடையைச் சொன்னால் போதும், உள்ளே எது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்று வரிசையாக எழுதியாக வேண்டும். அந்த வரிசைதான் நமக்குக் கிடைக்கும் ஒரே பிடி.

உங்கள் டப்பாவில் முதலில் சிட்ருலின், இரண்டாவது பீட்டா அலனின், மூன்றாவது கிரியேட்டின், அப்புறம் டாரின், டைரோசின், கடைசியில் கஃபீன். மொத்தம் 6 கிராம். கிரியேட்டின் மூன்றாவது என்றால் அதற்கு முன்னால் உள்ள இரண்டும் குறைந்தது அதன் அளவாவது இருக்க வேண்டும். ஆகவே அது ஆறில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 2 கிராமுக்கு மேல் இருக்கவே முடியாது. கிரியேட்டின் வேலை செய்ய வேண்டுமென்றால் தினமும் 3 முதல் 5 கிராம் வேண்டும். முன்பக்கத்தில் அதன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டதெல்லாம் சும்மா.

அதே கணக்கைக் கடைசிப் பெயருக்குப் போடுங்கள். ஆறில் ஆறாவது, ஆக கஃபீன் அதிகபட்சம் 1 கிராம். இவ்வளவு இருக்கிறது என்று சொல்லவில்லை. இவ்வளவு இருக்காது என்று அந்த லேபிளை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம்தான் வரம்பு. ஒரு கப் காபியில் சுமார் 80 முதல் 100 இருக்கும். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆறு மணிக்குக் குடித்தவன் பதினொரு மணிக்கு விழித்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் என்ன?

‘பிளெண்ட்’ என்ற சொல்லைப் பார்த்தாலே ஓட வேண்டுமா என்றால், ஓரிடத்தில் வேண்டாம். புரோட்டீன் டப்பாவில் ‘வே ஐசோலேட், வே கான்சன்ட்ரேட் கலவை’ என்று மட்டும் இருந்து, எது எத்தனை சதவீதம் என்று இல்லாவிட்டாலும் பெரிய மோசமில்லை. இரண்டும் பாலில் இருந்து வருவதுதான், மொத்தப் புரோட்டீன் எண் தனியே இருக்கிறது, உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அதே பட்டியலில் கிளைசின், டாரின் என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். நான் சில வருடம் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். வழக்கமான சோதனை புரோட்டீனை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25 மாதிரி ஒரு எண்ணால் பெருக்குகிறது. கிளைசினிலும் நைட்ரஜன் உண்டு, அந்த மலிவான பொடியை 5 கிராம் போட்டால் அது கிட்டத்தட்ட 6 கிராம் புரோட்டீனாகக் கணக்கில் வரும். தசைக்கு அது வே புரோட்டீன் ஆகாது. கலவை என்றால் பாலின் கலவையாக இருக்க வேண்டும், பெயர்களின் கலவையாக அல்ல.

ஜிம் மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கம் ஒரு டப்பாவுக்கு இத்தனை என்று மாஸ்டர்களுக்குக் கமிஷன் உண்டு. ‘உங்களிடம் வருகிறவர்களை எங்கள் பிராண்டுக்கு அனுப்புங்கள், டப்பாவுக்கு இருநூறு’ என்று என்னிடமே ஒருவர் வந்து பேசினார். யாருக்கு எது வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்ஃப் சரக்கு இன்னும் மோசம், நல்லதா கெட்டதா என்று யாரைக் கேட்பது? முறையாக இறக்குமதியானால் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் டப்பாவில் இருக்கும். உங்கள் படத்தில் அந்த ஸ்டிக்கரே இல்லை. இருந்தாலும் அது உரிமத்துக்குச் சான்று, உள்ளே இருப்பதற்கு அல்ல. இங்கே நூறு கிராமுக்கான சத்து அட்டவணை கட்டாயம் என்று விதி இருக்கிறது, படிக்கும்படி பெரிதாக அச்சடிக்க வைக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. உங்கள் ஊர் எல்லைச் செக்போஸ்ட்டில் கோழி வண்டியை மணிக்கணக்கில் நிறுத்துகிறார்கள், பைக்குள் வரும் டப்பாவை யார் பார்க்கிறார்கள்?

சின்ன டப்பாவை மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்து, ‘கஃபீன் எத்தனை மில்லிகிராம், எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். பையனுக்குக் கிரியேட்டின் வேண்டுமென்றால், வேறெதுவும் கலக்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டைப் பில் போட்டு வாங்கி, தராசில் 3 கிராம் நிறுத்துக் கொடுங்கள். பெரிய டப்பாவை முடிக்கட்டும், ஆனால் அவன் ஒரு ஸ்கூப் போட்டுக்கொண்டால் 15 கிராம் புரோட்டீன் என்று மட்டும் கணக்கு வையுங்கள்.