மேனேஜர் ரெஸ்யூமேயில் இன்ஜினியர் எங்கே?

கேள்வி: 6 வருடம் டெவலப்பராக இருந்தேன். கடந்த 3 வருடமாக இன்ஜினியரிங் மேனேஜர், 9 பேர் டீம். 5 பேரை வேலைக்கு எடுத்தேன், இருவர் சீனியராக உயர்ந்தார்கள். மாதம் ஒருமுறை போன ரிலீஸ் இப்போது வாரம் ஒருமுறை போகிறது. 3 மணி நேரம் ஓடிய டெஸ்ட் 25 நிமிடத்தில் முடிகிறது. இதையெல்லாம் ரெஸ்யூமேயில் போட்டும், "இப்போதும் கோடு எழுதுகிறீர்களா?" என்று கேட்டு முதல் சுற்றிலேயே நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்ய?

பதில்: அந்தச் சந்தேகத்துக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 3 மணி நேரம் 25 நிமிடமான கதை. அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். டெஸ்ட் ஏன் அவ்வளவு நேரம் ஓடியது? யார் கண்டுபிடித்தது? வேறு என்ன வழிகள் இருந்தன, அவற்றை ஏன் விட்டீர்கள்? படிப்பவர் தேடுவது இதைத்தான்.

உங்கள் டீமில் நடந்தது எனக்குத் தெரியாது. ஒரு மாதிரிக்கு இப்படி எழுதிப் பார்க்கிறேன்: "ரிலீஸை மாதம் ஒன்றிலிருந்து வாரம் ஒன்றாக்கினோம். எல்லா டெஸ்ட்டும் ஒரே டேட்டாபேஸைப் பகிர்ந்ததால் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட முடிந்தது என்பதை பில்டு லாக்கில் கண்டறிந்தேன். ஒவ்வொரு டெஸ்ட் தொகுதிக்கும் ஒரு தனி டேட்டாபேஸ் என்ற முறையை ஒரு மாட்யூலில் நானே எழுதிக் காட்டினேன். மற்ற மாட்யூல்களை ஒரு சீனியர் இன்ஜினியர் பொறுப்பேற்று டீமோடு முடித்தார். டெஸ்ட் நேரம் 3 மணி நேரத்திலிருந்து 25 நிமிடமானது." காரணத்தைத் தேடியதும் முதல் மாட்யூலை எழுதியதும் உங்கள் கை வேலை. மீதியை இன்னொருவரிடம் ஒப்படைத்தது மேனேஜர் வேலை. இரண்டும் ஒரே பத்தியில் வந்துவிட்டன. 'நான்' எங்கே, 'நாங்கள்' எங்கே என்பதில் மட்டும் கறாராக இருங்கள். நேர்காணலில் துருவிக் கேட்கும் இடம் அதுதான்.

இதோடு இன்னொரு எண்ணும் வேண்டும். வேகம் கூடியது என்றால், உடைந்தது எவ்வளவு என்று அனுபவமுள்ளவர் உடனே கேட்பார். முன்பு வருடத்துக்கு 12 ரிலீஸில் 3 திரும்பப் பெறப்பட்டன, இப்போது 50-ல் 4 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் விகிதம் 25 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியிருக்கிறது. விகிதத்தையே எழுதுங்கள். உங்கள் டீமில் அது ஏறியிருந்தால் மறைக்க வேண்டாம், அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

5 பேரை எடுத்தது தனியாக நின்றால் பாதிச் செய்திதான். ஆள் தேடுவதில் ஹெச்ஆருக்கும் பங்கு உண்டு. உங்கள் பங்கு, யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு. அது சரியாக இருந்ததா என்பது பிறகுதான் தெரியும். எத்தனை பேருக்கு ஆஃபர் கொடுத்து 5 பேர் வந்தார்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், சேர்ந்து எத்தனை வாரத்தில் துணையில்லாமல் ஒரு மாற்றத்தை புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்பதில் இரண்டு போதும். நேர்காணல் முறையில் எதையாவது மாற்றியிருந்தால், உதாரணமாக புதிர்க் கேள்விகளை எடுத்துவிட்டு டீமின் பழைய பக் ஒன்றைத் திருத்தச் சொல்லியிருந்தால், அதையும் சேருங்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்தான் அந்த மாதிரிக் கேள்வியை அமைக்க முடியும்.

சீனியரான இருவர் விஷயத்தில் உயர்வு அவர்களுடையது. அதை உங்கள் சாதனையாக எழுதினால் உறுத்தும். முன்பு உங்களிடம் இருந்து இப்போது அவர்களிடம் இருக்கும் வேலையை எழுதுங்கள்: "பில்லிங் பகுதியின் டிசைன் முடிவுகளும் ஆன்-கால் பொறுப்பும் என்னிடமிருந்து ஒருவருக்கு மாறின." பெயர் வேண்டாம்.

இனி "இப்போதும் கோடு எழுதுகிறீர்களா?" என்ற கேள்விக்கு வருவோம். 9 பேரைப் பார்த்துக்கொண்டே முக்கிய ஃபீச்சர்களையும் தானே எழுதுவதாகச் சொல்பவரைக் கண்டால் எனக்குக் கவலைதான் வரும். அவர் கூட்டத்தில் இருக்கும்போது டீம் அவருடைய கோடுக்காகக் காத்திருக்கும். அதனால் மேனேஜர் அனுபவத்துக்குக் கீழே, கடந்த 12 மாதத்தில் உங்கள் கை பட்டதை இரண்டே வரியில் உள்ளபடி எழுதுங்கள்: எந்த டிசைனை ரிவ்யூ செய்து எதை மாற்ற வைத்தீர்கள், எந்த அவுட்டேஜில் காரணத்தைத் தேடினீர்கள், ரிலீஸைத் தடுக்காத எந்தச் சிறு கருவியை எழுதினீர்கள். அந்த வரிகளில் எழுத எதுவும் இல்லையென்றால், விண்ணப்பத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்து அப்படி ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள்.

20 தொழில்நுட்பங்களை அடுக்கிய பட்டியலை எடுத்துவிடலாம். 20 நிமிடம் விடாமல் பேசக்கூடிய 5 இருந்தால் போதும். டெவலப்பராக இருந்த 6 வருடத்தை நான்கு வரிக்குள் சுருக்குங்கள். மிச்சமாகும் இடம் முழுவதையும் அந்த 25 நிமிடக் கதைக்குக் கொடுங்கள்.