சப்ளையருக்குப் புகார்: எந்த வரியை மென்மையாக்கலாம்?

கேள்வி: 180 ஜி.எஸ்.எம். பனியன் துணி கேட்டோம், 165 வந்திருக்கிறது. சப்ளையர் பத்து வருடப் பழக்கம். அவர் மனம் நோகாமல், ஆனால் மாற்றுத் துணி கட்டாயம் வேண்டும் என்று எப்படி எழுதுவது?

பதில்: குற்றம் சொல்லும் வரிகளை மட்டும் மென்மையாக்குங்கள். கேட்கும் வரியைத் தொடாதீர்கள்.

“நீங்கள் மெல்லிய துணியை அனுப்பி ஏமாற்றிவிட்டீர்கள்” என்பது அவருடைய நோக்கத்தைத் தாக்குகிறது. அவரும் நோக்கத்தைப் பற்றியே வாதாடுவார். அதற்குப் பதில் துணியைப் பேச விடுங்கள்: “ஐந்து ரோல்களில் வட்டமாக வெட்டி எடை பார்த்தோம். சராசரி 165. ஆர்டரில் 180, ஐந்து சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று பேசியிருந்தோம்.” ஐந்து சதவீதம் கழித்தாலும் 171 வர வேண்டும். இதில் கோபமே இல்லை, மறுக்கவும் இடமில்லை. ஆர்டரில் ஐந்து சதவீதம் என்று குறிக்கவில்லை என்றால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த வரியில்தான். மரியாதை என்று நினைத்து “முடிந்தால் சீக்கிரம் பார்த்துச் செய்யுங்கள்” என்று எழுதுவார்கள். அவர் அதை அவசரமில்லை என்றே படிப்பார். இப்படி எழுதுங்கள்: “400 கிலோ மாற்றுத் துணி வெள்ளிக்கிழமை மாலைக்குள் எங்கள் கட்டிங் பிரிவுக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் வெளியே வாங்கி, விலை வித்தியாசத்துக்கு டெபிட் நோட் போட வேண்டியிருக்கும். நாளை மதியத்துக்குள் உறுதி சொல்லுங்கள் அண்ணே.”

அந்த ‘அண்ணே’ இருக்கட்டும், தேதியும் கிலோவும் பக்கத்திலேயே நிற்கின்றன. அப்புறம், துணியை வெட்டுவதற்கு முன்பே இந்தப் புகாரை அனுப்பிவிடுங்கள். வெட்டிய துணியை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.