எழுத்து கலங்குகிறது: மாற்ற வேண்டியது கண்ணாடியா, மாத்திரையா?

"எனக்கு 51 வயது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வேலை முழுக்கக் கம்ப்யூட்டரில். தூசி அலர்ஜிக்கு ராத்திரி லெவோசெட்ரிசின் பல வருடமாகப் போடுகிறேன். சளி அதிகமானால் மெடிக்கலில் தரும் ஜலதோஷ மாத்திரையும் உண்டு. நான்கு மாதமாகத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின், முதலில் 10, இப்போது 25. சாயங்காலமானால் எழுத்து கலங்குகிறது, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. சின்ன வயதிலிருந்தே ப்ளஸ் கண்ணாடி. கடையில் படிக்கும் பவரை 1.75-லிருந்து 2.50 ஆக்கினார்கள், கம்ப்யூட்டர் இன்னும் மோசமாகத் தெரிகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? டாக்டரிடம் என்ன சொல்வது?"

நீங்களாக நிறுத்தாதீர்கள். அமிட்ரிப்டிலினைத் திடீரென விட்டால் குமட்டல், படபடப்பு, தூக்கமில்லாத இரவுகள் வரலாம்; தலைவலியும் திரும்பலாம். அதை எழுதிக்கொடுத்தவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை புதுக் கண்ணாடியும் வேண்டாம்.

அமிட்ரிப்டிலின் அடிப்படையில் மனச்சோர்வுக்கான மருந்து. குறைந்த அளவில் தலைவலிக்கும், நரம்பு வலிக்கும், தூக்கத்துக்கும் தருகிறார்கள். இதைப் பெரும்பாலானவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் கண் டாக்டர் "மனநல மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லையே" என்று மனதார பதில் சொல்கிறார்கள். கேள்வியும் உண்மை, பதிலும் உண்மை, விவரம் மட்டும் விட்டுப்போகிறது.

கண்ணில் நடப்பது இதுதான். கண்ணீர்ச் சுரப்பிக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது லென்ஸைத் திரட்டும் தசைக்கும், கண் பாப்பாவைச் சுருக்கும் தசைக்கும் உத்தரவு கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற ஒரே ரசாயனம். அமிட்ரிப்டிலின் அதை மறிக்கிறது. ஜலதோஷ மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமினும் மறிக்கிறது. லெவோசெட்ரிசின் புதிய தலைமுறை மருந்து, இந்த விஷயத்தில் சாது. ஆனாலும் சிலருக்குக் கண்ணீரைக் குறைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சிறிய அளவுதான். ஒரே உடம்பில் சேரும்போது கணக்கு கூடிவிடுகிறது. வாய் உலர்வதும் மலச்சிக்கலும் இதே நான்கு மாதத்தில் வந்திருந்தால், காரணம் மாத்திரைதான் என்ற சந்தேகம் பலப்படும்.

உங்களுக்கு இருப்பது கண்ணீர் வறட்சியா, தசைச் சோர்வா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சாயங்காலம் எழுத்து கலங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்தித்தாளைப் பாருங்கள். மெதுவாக நாலைந்து முறை இமையுங்கள். எழுத்து தெளிந்து, சில நொடியில் மறுபடி கலங்கினால் அது கண்ணீர்ப் படலத்தின் கோளாறு. இமைத்தும் மாறாமல், தாளைக் கை நீளத்துக்குத் தள்ளினால் தெளிந்தால் அது தசை. அடுத்த கண்ணுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டும் கலந்து இருப்பதும் சகஜம். 51 வயதில் அந்தத் தசை வேலைக்கு லென்ஸே பாதி ஒத்துழைப்பதில்லை, மிச்சமிருந்ததை மாத்திரை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை ஏறி இறங்கினாலும் பார்வை இப்படி மாறும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இப்போது கண்ணாடிக் கடைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு ஆற்றாமை அங்கேதான். 'இலவசக் கண் பரிசோதனை' என்ற பலகைக்குக் கீழே பவர் பார்ப்பவருக்கு, பவர் மாறினால்தான் வியாபாரம். அவர் உங்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார். வறண்ட கண்ணில் மெஷின் காட்டும் எண்ணே நேரத்துக்கு நேரம் மாறும்; காலையில் ஒன்று, ஆபீஸ் முடிந்து போனால் வேறொன்று. 2.50 என்ற படிக்கும் பவர், தசை கொஞ்சமும் உதவாத கண்ணுக்குச் சுமார் 40 சென்டிமீட்டரில் தெளிவு தரும். புத்தகத்துக்கு அது சரி. உங்கள் கம்ப்யூட்டர் திரை 60 சென்டிமீட்டருக்கும் அப்பால் இருக்கும். அதனால்தான் புதுக் கண்ணாடி போட்டதும் திரை மோசமானது. நாளைக்கு மாத்திரையைக் குறைத்து தசைக்குத் தெம்பு வந்தால், இந்த 2.50 படிக்கவும் கூடுதலாகிவிடும். மருந்து மாறி நாலு முதல் ஆறு வாரம் கழித்து, காலை வேளையில், கண் மருத்துவரிடம் பவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி மெடிக்கல் ஷாப். கண் சிவந்திருக்கிறது என்று சொன்னால் கவுண்டரிலிருந்து நீளும் பாட்டிலில் பெரும்பாலும் நாஃபஸோலினும் குளோர்ஃபெனிரமினும் இருக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். தொடர்ந்து விட்டால் சிவப்பு திரும்பி வரும், வறட்சியும் கூடும். மாத்திரையில் இருந்து தொல்லை தரும் அதே வகை மருந்தைக் கண்ணுக்குள்ளேயும் விடுகிறோம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு அதைவிடக் கெட்டது. இரண்டு நாளில் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையை வரவழைக்கும். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சட்டம் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. கவுண்டரில் யாரும் அதைப் படிப்பதில்லை.

டாக்டரைப் பார்க்கும் வரை கார்பாக்ஸிமெதில்செல்லுலோஸ் 0.5 சதவீதச் செயற்கைக் கண்ணீர் போதும், ஒரு நாளைக்கு நான்கு முறை. அதற்கு மேல் தேவைப்பட்டால் கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத வகையாகக் கேளுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சொல்வதைவிட எழுதிக்கொண்டு போங்கள். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடி டாக்டர் எழுதிய மருந்து முதல் மாடி டாக்டருக்குத் தெரியாத நிலைதான் இங்கே பல பெரிய மருத்துவமனைகளில். அலர்ஜிக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர்; மூன்று ஃபைல், மூன்று முறை கட்டணம், மொத்தப் பட்டியலைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ஆகவே அந்த வேலையும் நோயாளியின் தலையில் விழுகிறது. மாத்திரையின் கம்பெனிப் பெயரை விட்டு, அதன் கீழே இருக்கும் மருந்துப் பெயரை எழுதுங்கள். மெடிக்கலில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கவரில் போட்டுத் தருவார்கள். பெயர் இருக்கும் பாதி அவர்களிடமே தங்கிவிடும். நறுக்கும் முன்பே முழு அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம், ராத்திரி, பல வருடம். அமிட்ரிப்டிலின், நான்கு மாதம். 10-லிருந்து 25 ஆக ஏற்றிய தேதி இது. ஜலதோஷ மாத்திரை: குளோர்ஃபெனிரமின், ஃபெனிலெஃப்ரின், பாராசிட்டமால், கடைசியாகப் போட்டது இந்த நாள். கலங்கல் தொடங்கிய வாரம் இது. கிட்டத்தில் மட்டும். இமைத்தால் தெளிகிறது அல்லது தெளியவில்லை. வாய் வறட்சி உண்டு. சின்ன வயதிலிருந்து ப்ளஸ் பவர்." கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறினாலும் இந்தச் சீட்டை நீட்டினால் போதும். தேதிகள்தான் முக்கியம். 25 ஆன பிறகு கலங்கல் தொடங்கியிருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் கண் மருத்துவர். கீழிமையில் ஒரு காகிதத் துண்டை மாட்டி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வறட்சிக்கு வலுவான அறிகுறி. "வறட்சி இருக்கிறது, மருந்துப் பட்டியலைப் பரிசீலிக்கவும்" என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த அறையில் எடுபடாது. அந்த வரியோடு தலைவலி டாக்டரிடம் போனால், அவர் 25-ஐ மறுபடி 10 ஆக்கலாம், நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றலாம், ஆஸ்துமா இல்லாவிட்டால் ப்ரோப்ரானோலால் யோசிக்கலாம். அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ ஃபெக்ஸோஃபெனடினோ பொருந்துமா என்று அலர்ஜி டாக்டரிடம் கேளுங்கள். ஜலதோஷ மாத்திரையை மட்டும் இன்றைக்கே விட்டுவிடலாம். அதை யாரும் உங்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'ப்ளஸ் கண்ணாடி'. கண்ணாடியின் மேல்பகுதியைச் செய்தித்தாள் மேல் பிடித்துப் பாருங்கள். எழுத்து பெரிதாகத் தெரிந்தால் தூரத்துக்கும் ப்ளஸ்தான். அத்தகைய கண் பெரும்பாலும் சிறியது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் குறுகலாக இருக்க வாய்ப்பு அதிகம், ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இன்னும் அதிகம். பாப்பாவை விரிக்கும் மருந்து பட்டால் அந்தக் கோணம் அடைபட்டு, கண் அழுத்தம் மணிக்கணக்கில் எகிறலாம். அமிட்ரிப்டிலினும் குளோர்ஃபெனிரமினும் மட்டுமல்ல, மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபெனிலெஃப்ரினும் பாப்பாவை விரிக்கக்கூடியது. 

மருந்துத் தாளில் 'குளுக்கோமா இருந்தால் சாப்பிடக் கூடாது' என்று பொதுவாகப் போட்டிருக்கும். குளுக்கோமா என்பது கண் நரம்பைக் கெடுக்கும் நோய், பெரும்பாலும் கண் அழுத்தத்தால் வருவது. இதைப் படித்துப் பயப்படுபவர்கள், பல வருடமாக அழுத்தத்துக்குச் சொட்டு விடும், கோணம் திறந்தே இருக்கும் குளுக்கோமா நோயாளிகள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மாத்திரைகளால் அந்த ஆபத்து இல்லை. பயந்து மனச்சோர்வு மருந்தை நிறுத்திவிட்டு அவதிப்படுகிறார்கள். புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கோணம் அகன்றுவிடும். பாப்பாவைச் சுற்றியிருக்கும் திரையில் நீர் வழிய லேசரில் துளை போட்டுக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. உண்மையில் அந்த எச்சரிக்கை யாருக்கானதோ, அவர்களுக்குக் கோணம் குறுகல் என்றே தெரியாது. குளுக்கோமா என்று யாரும் சொல்லியிருக்காததால், அந்த வரி தங்களுக்கில்லை என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். ஆகவே பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன்பே, "என் கோணத்தைப் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த ஒரு லென்ஸை வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலை, வலிக்காது. குறுகல் என்றால், துளை தேவையா என்று அவர் முடிவு செய்வார், வெளிநோயாளியாகவே முடிந்துவிடும்.

அதற்கு முன் ஏதாவது ஒரு நாள் ஒரு கண் மட்டும் சிவந்து கடுமையாக வலித்து, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது உங்கள் வழக்கமான தலைவலி அல்ல. கேஸ் ட்ரபிள் என்று ஊசி போட்டு அனுப்பும் கிளினிக்கும் வேண்டாம். அன்று இரவே மிண்டோ மாதிரியான கண் மருத்துவமனைக்கோ, கண் பிரிவு உள்ள அவசர சிகிச்சைக்கோ போய், மருந்துச் சீட்டைக் காட்டி, "கண் அழுத்தத்தைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.