வேலைக் குறிப்பேட்டை ஏப்ரலில் நீட்டாதீர்கள்

கேள்வி: நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏப்ரலில் மதிப்பீட்டுக்கு அழைத்து "இந்த வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று மேலாளர் கேட்கும்போது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. செய்த வேலைகளை எழுதி வைத்தால் சம்பள உயர்வு கேட்க உதவுமா? எப்படி எழுதுவது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உதவும். ஆனால் அது உரிய நேரத்தில் மேலாளரின் கைக்குப் போக வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் பலவற்றில், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு உயர்வு என்ற தொகை ஆண்டு பட்ஜெட்டோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. ஏப்ரலில் நடக்கும் உரையாடல், ஒதுக்கிய தொகைக்குள் பங்கு பிரிப்பது மட்டுமே. முடிவை முன்பே எடுத்துவிட்டு, பிறகு ஊழியரை அழைத்து ஆண்டு முழுவதையும் ஒப்பிக்கச் சொல்லும் இந்த ஏற்பாடு நியாயமற்றது. இது மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது என்பதால், குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் எடுத்து, ஜனவரியிலேயே மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

எழுதும் நேரம் வெள்ளி அல்லது சனிக்கிழமை மாலை. கால் மணி நேரம் போதும். அன்றாட வழக்கமான பதிவுகளை விட்டுவிட்டு, உங்களால் ஏதாவது மாறியிருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். தேதி, சொன்னவர் யார் அல்லது நீங்களே தொடங்கியதா, முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது, அதற்கான சான்று எங்கே இருக்கிறது என்பவை இருந்தால் போதும்.

உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். உதிரி பாகம், பேக்கிங் பொருள் விற்பவர்களில் சிலர் தங்கள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 கணக்கை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால், அவர்களுடைய பில்கள் 14-ஆம் தேதி வரும் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் இருக்காது. அந்தப் பில்களில் உங்கள் நிறுவனம் கொடுத்த உள்ளீட்டு வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. நீங்கள் 7-ஆம் தேதியே கொள்முதல் பதிவேட்டைப் பார்த்து, வழக்கமாகத் தாமதிக்கும் விற்பனையாளர்களை அழைத்து நினைவூட்டத் தொடங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஜிஎஸ்டி வேலையைச் சிறப்பாகச் செய்தேன்" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. "ஆகஸ்ட்: நானே தொடங்கியது. ஜூலையில் 14 பில்கள் விடுபட்டன, செப்டம்பரில் 2. விடுபட்ட வரி ரூ.1,80,000-லிருந்து ரூ.20,000 ஆகக் குறைந்தது. சான்று: அந்தந்த மாத ஒப்பீட்டுத் தாள்" என்று எழுதுங்கள்.

இங்கே அவசரப்பட்டு "நிறுவனத்துக்கு ரூ.1,60,000 மிச்சப்படுத்தினேன்" என்று சொல்லிவிடாதீர்கள். விற்பனையாளர் தாமதமாகத் தாக்கல் செய்தாலும் அந்த வரி பெரும்பாலும் அடுத்த மாதம் கிடைத்துவிடும். நீங்கள் தடுத்தது, 20-ஆம் தேதி மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலின்போது அந்தத் தொகையை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்த நெருக்கடியைத்தான். அதை அப்படியே சொன்னால் நிதி மேலாளர் ஒப்புக்கொள்வார். ஊதிச் சொன்னால் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார், அதன் பிறகு மற்ற பதிவுகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

கூட்டாகச் செய்த வேலையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உடன் வேலை செய்பவர் பட்டியலை எடுத்துக் கொடுத்து நீங்கள் விற்பனையாளர்களிடம் பேசியிருந்தால், இரண்டையும் பெயரோடு எழுதுங்கள். முழு வேலையையும் நீங்கள் உரிமை கொண்டாடினால், அவரும் அதே வேலையைத் தன் பெயரில் எழுதியிருப்பார்; இரண்டு தாள்களையும் பார்க்கும் மேலாளர் இருவரையுமே நம்பமாட்டார். "நாங்கள் செய்தோம்" என்று பொதுவாக எழுதினால் உங்கள் பங்கு மறைந்துபோகும். நடந்ததை நடந்த வாரத்திலேயே, யார் எந்தப் பகுதி என்று பிரித்து எழுதினால் இந்தச் சச்சரவே எழாது. முடிந்தால் அந்தப் பதிவை அவரிடமும் காட்டிவிடுங்கள்.

சான்று என்றவுடன் பில்களையும் வங்கி அறிக்கைகளையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சம்பளம் கேட்கப் போன இடத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வாங்க நேரிடும். கோப்பின் பெயரும் மாதமும் போதும், கோப்பு அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "மதிப்பீட்டு அறிக்கை எழுதித் தருகிறோம், உயர்வுக்கு உத்தரவாதம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். உயர்வு தருவது உங்கள் நிறுவனம், அதற்கு வெளியாள் எப்படி உத்தரவாதம் தர முடியும்? அவர்கள் எழுதித் தருவது யாருக்கும் பொருந்தும் வாசகங்கள்தான். வேறு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களில் சிலர் சம்பளச் சீட்டோடு குறிப்பேட்டையும் கேட்பார்கள். உங்கள் விற்பனையாளர்களின் பெயரும் தொகைகளும் அதில் இருக்கின்றன. அது போட்டி ஆலையின் மேசைக்குப் போனால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு பக்கத்தைக்கூடக் கொடுக்காதீர்கள்.

ஜனவரி மின்னஞ்சலில் முக்கியமான ஐந்தாறு பதிவுகளும், நீங்கள் எதிர்பார்க்கும் தொகையும் இருக்கட்டும். தொகையைச் சொல்லக் கூச்சப்பட்டால், ஒதுக்கீட்டில் மிஞ்சியதுதான் கிடைக்கும். "இந்த ஆண்டு இயலாது" என்று பதில் வந்தால், எந்த வேலையில் என்ன குறை, அடுத்து எந்த மாதம் பரிசீலிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு, கிடைத்த பதிலையும் தேதியோடு அதே குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள்.