நன்றாக ஏறுகிற ஃபண்டை ஏன் விற்க வேண்டும்?

கேள்வி: மூன்று வருடம் முன்பு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 12 லட்சமும் கடன் ஃபண்டில் 8 லட்சமும் மொத்தமாகப் போட்டேன். இப்போது அவை 18 லட்சம், 9.5 லட்சம். பங்கில் கொஞ்சம் விற்றுப் பழையபடி 60:40 ஆக்கச் சொல்கிறார்கள். லாபம் தருவதை விற்று, மந்தமாக இருப்பதில் போடுவது சரியா?

பதில்: சரிதான். உங்கள் மொத்தத் தொகை 27.5 லட்சம். அதில் பங்கு ஃபண்டின் அளவு 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 60 என்றால் 16.5 லட்சம்தான் இருக்க வேண்டும், ஆகவே விற்க வேண்டியது 1.5 லட்சம். வாங்கியபோது ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 100 ரூபாய், இப்போது 150 என்று வைத்துக்கொண்டால், 12,000 யூனிட்டில் 1,000 போகிறது. மீதி 11,000 ஏறினால் உங்களுக்குத்தானே?

இனி சந்தை 30 சதவீதம் இறங்குகிறது என்று வைப்போம். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் நிஃப்டி இதைவிட அதிகமாகவே, சுமார் 38 சதவீதம் விழுந்தது. என்.ஏ.வி. 105 ஆகிவிடும். பங்கு 11.55 லட்சம், கடன் ஃபண்ட் 11 லட்சம். இப்போது 60:40 கணக்கு உங்களை எதிர்ப்பக்கம் தள்ளும்: கடன் ஃபண்டிலிருந்து 1.98 லட்சம் எடுத்துப் பங்கில் போடு என்று சொல்லும். அதில் சுமார் 1,885 யூனிட் கிடைக்கும். 150-க்கு 1,000 யூனிட் விற்று வந்த அதே 1.5 லட்சம் மட்டுமே 1,428 யூனிட்டைத் திரும்ப வாங்கித் தரும். சந்தை உச்சமா அடிமட்டமா என்று நீங்கள் கணிக்கவே இல்லை, விகிதம்தான் சொன்னது. ஆனால் எல்லோரும் விற்று ஓடும் அந்த வாரத்தில் வாங்கக் கை வராது. பெரும்பாலானோர் தவறுவது அங்கேதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சந்தை இறங்காமல் ஐந்தாறு வருடம் ஏறிக்கொண்டே போனால், விற்காமல் இருந்தவருக்கு உங்களைவிட அதிகம் கிடைக்கும். இப்படி விகிதத்தைப் பழையபடி ஆக்கும் ரீபேலன்சிங் முதலில் ரிஸ்க்கைக் கட்டுக்குள் வைக்கத்தான், கூடுதல் லாபம் வந்தால் வரட்டும். இதைத் தனி ஒரு கம்பெனிப் பங்கில் செய்யாதீர்கள். சரிந்த கம்பெனி எழாமலே போகலாம்.

மாதாமாதம் செய்ய வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், 60:40-லிருந்து 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கை வையுங்கள். வரியைப் பொறுத்தவரை, 1.5 லட்சத்தில் உங்கள் லாபம் 50,000தான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். வேறு பங்குகளை விற்ற நீண்டகால லாபமும் இந்த வரம்புக்குள்தான் வரும். கடன் ஃபண்ட் அப்படியல்ல: 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கியதில் வரும் லாபம் முழுவதும் உங்கள் வருமான வரி விகிதப்படிதான். அப்புறம், ஒரே ஃபண்ட் நிறுவனத்துக்குள் 'சுவிட்ச்' கொடுத்தாலும் வரிக்கு அது விற்பனைதான்.