பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது

அன்புள்ள ஐயா,

வங்கியில் களப்பணியில் இருக்கிறேன். மகளிர் குழுக்களைப் போய்ப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. ஒரே நாளில் மூன்று குழு, முப்பது நாற்பது பேர். அடுத்த மாதம் போனால் "என்னைத் தெரியுதா மேடம்?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். முகம் தெரிகிறது, பெயர் வருவதில்லை. சில சமயம் முகமே பிடிபடுவதில்லை. கூட வேலை பார்க்கும் ஓர் அண்ணன் எல்லோரையும் பெயரோடு விசாரிக்கிறார், மகன் என்ன படிக்கிறான் என்பது வரை. எழுதி வைத்துக்கொண்டு பேசலாம் என்றால் நடிப்பு மாதிரித் தோன்றுகிறது. என்ன செய்வது?

பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

அன்புள்ள தோழிக்கு,

மறந்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் பெயர்களில் பாதி முதலில் உள்ளேயே போயிருக்காது. குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், நீங்களோ அடுத்து என்ன பேச வேண்டும், தவணை பாக்கியை எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையில் இருக்கிறீர்கள். இதை 1973-இலேயே பிரென்னர் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்திருக்கிறார். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு சொல்லாக வாசிக்கும்போது, தன் முறை வருவதற்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்ததுதான் மிக மோசமாக நினைவில் நிற்கிறதாம். ஆகவே நீங்கள் பேச வேண்டியதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அவர்கள் அறிமுகம் அதற்குப் பிறகு நடக்கட்டும், அப்போது காது சும்மா இருக்கும்.

இன்னொன்று, பெயர் என்பது இயல்பிலேயே ஒட்டாத சரக்கு. 1987-இல் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். முகங்களைக் காட்டி இவர் பெயர் இது, தொழில் இது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு முகத்தை மட்டும் காட்டிக் கேட்டார்கள். ஒரே சொல்லைச் சிலருக்குத் தொழிலாகவும் சிலருக்குப் பெயராகவும் கொடுத்தபோதும், தொழிலாகச் சொன்னது எளிதாக நினைவுக்கு வந்தது, பெயராகச் சொன்னது அவ்வளவு எளிதில் வரவில்லை. காரணம் லேசானது. ஒருவர் மாவு மில் வைத்திருக்கிறார் என்று கேட்டதும் மில்லின் சத்தம், சட்டையில் மாவு, கரண்ட் போனால் படும் பாடு என்று பத்து விஷயம் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. முருகேசன் என்ற பெயரோ அந்த ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் உங்களுக்கு 'மாடு வாங்க லோன் கேட்டாரே அந்த அக்கா' என்று வருகிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல். பெயர் நினைவில் நிற்க, பேச்சில் அதை நாலு தடவை சொல்லுங்கள் என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்வார்கள். தேனிப் பக்கத்துக் கிராமத்தில் ஐம்பது வயது அம்மாவை நீங்கள் பெயர் சொல்லி நாலு தடவை கூப்பிட்டால் அடுத்த கூட்டத்தில் உங்களுக்குப் பாய் போடமாட்டார்கள். அக்கா, அம்மா, அண்ணே, மேடம், சார் என்றே நம் பிழைப்பு ஓடிவிடுகிறது. மரியாதைக்கு நல்லது, ஆனால் பெயர் ஒருமுறைகூட நம் வாயில் வருவதில்லை, வாயில் வராதது நிற்காது. அந்த அண்ணனை ஒருநாள் கூர்ந்து கவனியுங்கள். அநேகமாக அவர் உறவுமுறையைச் சேர்த்தே சொல்வார், "ஜோதிமணியக்கா" என்று. இல்லாவிட்டால் பிள்ளை பெயரைப் பிடித்துக்கொண்டு "கார்த்திக் அம்மா" என்பார். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது, அதில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. இரண்டாம் முறை பெயர் கேட்கவும் உங்கள் வேலையிலேயே வழி இருக்கிறது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு "இனிஷியல் என்னக்கா?" என்று கேட்டாலே முழுப்பெயரும் வந்துவிடும். எழுதும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

எழுதிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுதான் பலன் தருகிறது. முதல் முயற்சி சீக்கிரம், அடுத்தது கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லாண்டவர், பியோர்க் என்ற இருவர் 1978-இல் ஆட்களின் பெயர்களை வைத்தே இதைச் சோதித்துக் காட்டினார்கள். உங்களுக்கு இது இப்படி அமையும்: அந்த அக்கா பெயர் சொல்லி அரை நிமிடம் கழித்து, அடுத்தவர் பேச ஆரம்பிப்பதற்குள், மனதுக்குள் ஒருமுறை. கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது ஒருமுறை. பஸ்ஸில் ஏறியதும் ஒருமுறை. இரவு, நோட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை. வராவிட்டால் மட்டும் நோட்டைப் பாருங்கள். ஒரு கூட்டத்துக்கு நாலு பேர் போதும். ஒரு குழுவின் பன்னிரண்டு பேரையும் ஒரே கூட்டத்தில் பிடிக்கப் பார்த்தால் ஒருவரும் நிற்கமாட்டார்.

முகம் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய முகத்தைப் பார்க்கும்போது நாம் பெரும்பாலும் வெளி விளிம்பைத்தான் பதிந்துகொள்கிறோம்: தலைமுடி, முகத்தின் வடிவம், கண்ணாடி. நன்றாகப் பழகியவரைத்தான் கண், மூக்கு, வாய் என்று உள்பகுதியை வைத்து அடையாளம் காண்கிறோம். முதல் மாதம் தலை நிறையப் பூவோடு மஞ்சள் சேலையில் வந்தவர் அடுத்த மாதம் ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் இறங்கி, தலையில் துண்டுக் கட்டோடு அப்படியே வந்து உட்கார்ந்தால் வேறு ஆளாகத் தெரிவது அதனால்தான். மாறாத ஒன்றைத் தேடுங்கள். புருவம், பல்வரிசை, தழும்பு, சிரிக்கும் விதம், குரல். குரலை யாரும் கணக்கில் வைப்பதில்லை, எனக்கு அது முகத்தைவிட அதிகம் கைகொடுத்திருக்கிறது. எழுத வருவதற்கு முன்னால் நான் உரம் விற்கும் பிரதிநிதியாக இருந்தவன். கடைக்காரர்களைப் பாதி நேரம் போனில்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, நோட்டு. மொய் நோட்டைப் பாருங்கள், நம் பெரியவர்கள் ஊர், பெயர், தொழில் என்று சேர்த்துத்தான் எழுதுவார்கள், ஒரே ஊரில் அஞ்சு முருகேசன் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்களும் அப்படி எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"ஜோதிமணி. கிழக்குத் தெருக் குழு, வாசப்படிப் பக்கம் உட்கார்ந்தார். இடது புருவத்தில் தழும்பு, கனத்த குரல். ஏலத்தோட்ட வேலை. மாடு சினை, தை மாதம் கன்று போடும் என்றார். மூத்த மகள் பிளஸ் டூ, நர்சிங் ஆசை. கார்த்திகை கடைசி வாரம்."

எப்போது கேட்டது என்று கட்டாயம் எழுதுங்கள். பிளஸ் டூ என்று நீங்கள் எழுதிய பெண் இரண்டு வருடம் கழித்தும் உங்கள் நோட்டில் பிளஸ் டூவிலேயே உட்கார்ந்திருப்பாள். கணக்கு எண், கடன் பாக்கி, போன் நம்பர் எதுவும் இந்த நோட்டில் வேண்டாம், அதெல்லாம் அலுவலகக் கோப்போடு நிற்கட்டும். நோட்டு பஸ்ஸில் தொலைந்து யாராவது எடுத்துப் படித்தாலும் அந்த அக்காவுக்குச் சங்கடம் வராத அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

நடிப்பு என்கிறீர்கள். அமெரிக்காவில் 1932-இல் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் வேலையை நடத்திய ஜேம்ஸ் ஃபார்லி, சந்தித்தவர்களைப் பற்றிக் குறிப்பு சேர்த்து வைப்பதில் பேர்போனவர். ரூஸ்வெல்ட் ஒருவரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பு அவர் கைக்குப் போகும். இன்றும் அங்கே அரசியலில் 'ஃபார்லி ஃபைல்' என்ற பேச்சு இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு, ஏனென்றால் அங்கே கேட்டவர் ஒருவர், விசாரிப்பவர் இன்னொருவர். நீங்கள் உங்கள் காதால் கேட்டதை உங்கள் கையால் எழுதுகிறீர்கள். முப்பது பேர் சொன்னதை மனதில் மட்டும் வைத்திருக்க முடியாது என்பதால் எழுதுகிறீர்கள், அதில் எந்தப் பொய்யும் இல்லை. அதே காரணத்தால் ஒரு கட்டுப்பாடும் வேண்டும். அவரே உங்களிடம் சொன்னதை மட்டும் விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் போட்டதை, கடன் கோப்பில் பார்த்ததை அன்பாக விசாரித்தாலும் "இது இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் மனது போகும்.

விசாரிப்பதிலும் ஒரு பதம் இருக்கிறது. "நர்சிங் சீட் கிடைச்சிருச்சாக்கா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டு, கிடைக்கவில்லை என்றால், அந்த அம்மா முகம் என்னவாகும்? "மூத்தவ எப்படிக்கா இருக்கா?" என்று கேட்டால் போதும். நீங்கள் மறக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும், சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். வரன் பார்ப்பது, பிள்ளைப்பேறு, புருஷன் குடி, இதெல்லாம் தனியாக இருக்கும்போதும் அவராக எடுத்தால் ஒழிய வேண்டாம். ஆட்டை, மாட்டை, மழையைத் தாராளமாகச் சத்தமாகவே கேட்கலாம்.

அப்புறம், ஊரை விசாரிப்பதில் கவனம். ஊர் பெயர் கேட்பது சகஜம். "ஊர்ல எந்தத் தெரு?", "யாரு வகையறா?" என்று அடுத்த கேள்வி போனால் நீங்கள் சாதி கேட்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பல இடங்களில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. உங்கள் எண்ணம் ஞாபகக் குறிப்பாகவே இருந்தாலும் அங்கே கதவு சாத்திவிடும். அடையாளத்துக்கு என்ன வேலை, யாருக்கு அம்மா, எந்த இடத்தில் உட்கார்வார் என்பதே தாராளம்.

இவ்வளவும் செய்தும் பெயர் வராத நாள் வரும். அப்போது நினைவில் இருப்பதை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைக் கேளுங்கள். "மாடு சினையா இருக்குன்னீங்க, தை மாசம்னு சொன்னீங்க, பேரு மட்டும் நாக்கு நுனியில நிக்குது, சொல்லுங்கக்கா." நான் பார்த்தவரை இதற்கு யாரும் கோபப்பட்டதில்லை. சிரித்துக்கொண்டே தெரிந்த மாதிரி சமாளிப்பதுதான் ஆபத்து, இரண்டாவது வாக்கியத்திலேயே வெளுத்துவிடும். நெருங்கிப் பழகியவர்கள் முகமும் உங்களுக்குத் தொடர்ந்து பிடிபடாமல் போகிறது என்றால் விஷயம் வேறு. முகத்தை மட்டும் அடையாளம் காண முடியாத ஒரு நிலை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தனக்கு அது இருந்ததை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அடுத்த மாதத்துக்கு அந்த நாலு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழுத் தலைவி, செயலாளர், பொருளாளர் பெயர்கள் தானாகவே வந்துவிடும், கையெழுத்து வாங்க மாதாமாதம் அவர்களோடுதான் பேசுகிறீர்கள். பின்வரிசையில் சுவரில் சாய்ந்து, கைநாட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போகிறவர்களில் நாலு பேரை எடுங்கள். அவர்களை இதுவரை எந்த ஆபீசரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டார்.