பில் போகாத இருபது மணி நேரம்

அன்புள்ள ஐயா,

ஒரு ஆலோசனை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மாதக் கடைசியில், முடித்த வேலைக்குப் பில் போகாவிட்டாலும் வருமானம் எழுதுகிறோம். மறுநாளே எதிர்ப்பதிவு போட்டு அதை அழிக்கிறோம். எழுதுவானேன், அழிப்பானேன்? பில் போகும் நாளில் எழுதினால் போதாதா? இந்தத் தொகைக்கு வரி உண்டா? இதற்கு நல்ல மென்பொருள் எது?

க.

அன்புள்ள க.,

வரியை உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லும். மென்பொருள் எதுவானாலும் சரி. முதல் கேள்விக்கு வருகிறேன். சில நாட்களாக நானே இதை மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பில் போகும் நாளில்தான் வருமானம் என்றால், பில் போடுபவர் ஒரு வாரம் விடுப்பில் போனால் நிறுவனம் அந்த வாரம் ஒன்றுமே சம்பாதிக்கவில்லை என்றாகும். வேலை செய்தவர்களின் சம்பளம் மட்டும் மார்ச் மாதச் செலவில் உட்கார்ந்திருக்கும், அந்த வேலையின் வருமானம் ஏப்ரலில் வரும். மார்ச் நஷ்டமாகத் தெரியும், ஏப்ரல் கொழுத்துப்போயிருக்கும். இரண்டுமே பொய்.

மார்ச் மாதம் 120 மணி நேர வேலை, மணிக்கு 1,000 என்று வையுங்கள். மார்ச் 31 அன்று 'பில் போடாத வருமானம்' கணக்கில் 1,20,000 பற்று, சேவை வருமானத்தில் 1,20,000 வரவு. ஏப்ரல் 1 அன்று அதற்கு எதிர்ப்பதிவு. இப்போது ஏப்ரல் வருமானம் 1,20,000 பள்ளத்தில் தொடங்குகிறது. 10ஆம் தேதி பில் போகும்போது வாடிக்கையாளர் கணக்கில் பற்று, வருமானத்தில் வரவு. பள்ளம் நிரம்பிவிட்டது, ஏப்ரலுக்கு இதில் ஒன்றும் இல்லை. எதிர்ப்பதிவு இல்லாவிட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை வருமானம் எழுதியிருப்பீர்கள். அழிப்பது வீண் வேலை என்று இனி எழுதாதீர்கள், கோபம் வருகிறது.

ஆனால் அந்த எதிர்ப்பதிவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பில் போகாத வேலையின் வயதை அது மறைக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பில் போடாத வருமானப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் பளிச்சென்று இருக்கும். எல்லாத் தொகைகளும் முப்பது நாளுக்குள். ஒரு வாடிக்கையாளரின் பெயரில் மட்டும் தொகை கொஞ்சமும் குறையாமல் இருப்பதைப் பார்த்து, அடியில் இருந்த டைம்ஷீட்டுகளை எடுக்கச் சொன்னேன். முந்தைய ஆண்டின் வேலை! ஒவ்வொரு 1ஆம் தேதியும் செத்து, ஒவ்வொரு 30ஆம் தேதியும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது.

நம் கணக்கிலேயே பாருங்கள். 120 மணியில் 100 மணிதான் வேலை ஆணையில் இருக்கிறது. மீதி 20 மணி, வாடிக்கையாளரின் ஆள் ஒருவர் வாய்மொழியாகக் கேட்டது. ஏப்ரலில் 1,00,000-க்கு மட்டும் பில் போகிறது. மாதக் கடைசியில் விடுபட்ட 20,000-ஐ ஏப்ரல் வேலையின் 90,000-உடன் சேர்த்து, ஏப்ரல் 30 தேதியிட்டு 1,10,000 என்று ஒரே வரியாக எழுதுவார்கள். மே மாதமும் அப்படியே. வயதுப் பட்டியலில் அது என்றும் குழந்தைதான்.

ஆகவே பதிவின் தேதியை வைத்து வயது பார்க்காதீர்கள், வேலை செய்த தேதியை வையுங்கள். பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி. பக்கத்தில் 'ஏன் இன்னும் பில் போகவில்லை' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் வரும் பதில்தான் முக்கியம், ஏனென்றால் கணக்கே அதை வைத்து மாறும். பில் தேதி வரவில்லை, அவ்வளவுதான் என்றால், அது ஏறக்குறைய வாடிக்கையாளர் தர வேண்டிய கடன். அடுத்த கட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டால்தான் பணம் என்றால், வருமானம் பற்றிய சர்வதேசக் கணக்கு விதியான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 அதை ஒப்பந்தச் சொத்து என்று தனியாகக் காட்டச் சொல்கிறது. நாட்கள் ஓடினால் மட்டும் அந்தப் பணம் வந்துவிடாது என்பதே காரணம்.

மூன்றாவது வகைதான் நம் 20 மணி. வாய்மொழி ஒப்புதல் செல்லாது என்று அந்த விதி சொல்லவில்லை. சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை இருக்க வேண்டும் என்கிறது. யார் கேட்டார், அப்படிக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டா, அவர்கள் வழக்கமாக இப்படித்தான் கூடுதல் வேலை தருவார்களா? இவற்றைத் திட்ட மேலாளரிடம் கேளுங்கள். "கொடுத்துவிடுவார்கள், கவலைப்படாதே" என்பது பதில் ஆகாது, தம்பி. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் ஏப்ரல் 30 பதிவில் அந்த 20,000-ஐச் சேர்க்காதீர்கள். பள்ளத்தில் அவ்வளவு நிரம்பாமல் நின்று, ஏப்ரல் வருமானம் 20,000 குறையும். மேலாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.